இருபத்தைந்து கால் மதிப்பெண்கள்

ஆம்பூர்
3.3.2025

மதிப்பிற்குரிய இன்பராஜ் சார் அவர்களுக்கு,

சென்ற ஆண்டு தங்களிடம் தோல் தரப் பரிசோதனை மாலை வகுப்பு படித்த ஜாஸ்மின் எழுதுவது. எங்கள் வீட்டில் எல்லோரும் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறோம். தங்கள் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது?

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். பயிற்சி மையத்துக்கு அழைத்தபோது தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர் சம்பத் சார் எடுத்தார். "மார்க் விஷயம்லாம் போன்ல ஆவாதும்மா. ரூல் ஒன்பது. தபால்ல எழுதுங்க, வாத்தியார் பேருக்கு. வாட்ஸ்அப்ல போட்டீங்கன்னா நான் பாக்கவே மாட்டேன்" என்றார். ஆகவே தபால்தலை வாங்கினேன். எங்கள் தெருவில் தபால்தலை எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது.

விஷயம் இதுதான். என் மதிப்பெண் பட்டியலில் 59.50 சதவீதம் என்று இருக்கிறது. அது கூட்டல் பிழை.

எழுத்துத் தேர்வு மூன்றிலும் 58, 63, 49. மொத்தம் 170. இதில் எனக்குத் தகராறு இல்லை. 49 கொஞ்சம் தாராளமாகவே தோன்றியது, அதைப் பற்றி எழுத மாட்டேன். செய்முறைத் தேர்வில் பத்துத் தோல், ஒவ்வொன்றுக்கும் இருபது மதிப்பெண். உண்ணி கடித்த தழும்பு எது, தோல் உரிக்கும்போது கத்தி பட்டது எது என்று பார்த்துச் சொன்னோம். மதிப்பெண் போட்டவர் பேரணாம்பட்டு அஹமது பாஷா அய்யா. அவர் கைப்பட எழுதிய தாளின் நகலையும் மையம் எங்களுக்குத் தந்தது. அதில் எனக்கு இப்படி இருக்கிறது:

13², 12³, 14¹, 11³, 13³, 12², 13³, 14², 10³, 13³.

தோல் மண்டியில் ஒரு சதுர அடியை நான்காகப் பிரிப்பார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பன்னிரண்டே முக்கால் அடித் தோல் என்றால் 12 எழுதி, அதன் தோளில் சின்னதாக 3 போடுவார்கள். மூன்று கால் என்று அர்த்தம். பாஷா அய்யா நாற்பது வருடம் தோல் அளந்தவர். மதிப்பெண்ணையும் அதே கையால்தான் எழுதியிருக்கிறார். மையத்தில் கூட்டியவர்கள் 12³ என்பதை 12.3 என்று எடுத்துக்கொண்டு பத்துக்கு ஒன்றாக ஏற்றிவிட்டார்கள். 12×12×12 என்று எடுத்துக்கொள்ளாததற்கு நன்றி. அப்படிச் செய்திருந்தால் நான் மாநிலத்தில் முதலாவதாக வந்திருப்பேன்.

முழு எண்களைக் கூட்டினால் 125. தோளில் உள்ளவற்றைக் கூட்டினால் 25. மையத்தின் கணக்குப்படி அது 2.5, ஆக 127.5. உண்மையில் அது இருபத்தைந்து கால், நாலு காலுக்கு ஒன்றாக ஏற்றினால் ஆறேகால். ஆக 131.25. அதோடு 170 சேர்ந்தால் 301.25. ஐந்நூறுக்கு 60.25 சதவீதம்.

எங்கள் ஷூ கம்பெனியில் தரப் பரிசோதகர் வேலை ஒன்று காலியாகிறது. அறுபது சதவீதச் சான்றிதழோடு ஏப்ரல் 30-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒன்பது வருடம் ஆகப்போகிறது சார், மற்றவர்கள் 'ஓகே' சொன்ன தோலைத் தைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு முறையாவது 'ஓகே இல்லை' என்று சொல்லிப் பார்க்க ஆசை.

கூட்டலைத் தயவுசெய்து பார்க்கவும். வீட்டில் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஜாஸ்மின்


காட்பாடி
12.3.2025

ஜாஸ்மின் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் நலமாக இருப்பதறிந்து மகிழ்ச்சி.

1. செய்முறைத் தேர்வுக்கு மறுமதிப்பீடு செய்யும் வழக்கம் இல்லை.
2. 13² என்பது 13.2 என்றே அலுவலக நடைமுறையில் கொள்ளப்படுகிறது. நான்கு வருடமாக எவரும் ஆட்சேபித்ததில்லை.
3. 59.50-ஐ அறுபதாக முழுமைப்படுத்த விதியில் இடமில்லை.
4. மதிப்பெண்களைக் கூட்டியது அலுவலகம். ஆசிரியர்கள் அல்லர்.

தங்கள் முயற்சிகளை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
சா. இன்பராஜ்
பயிற்சிப் பொறுப்பாளர்


ஆம்பூர்
15.3.2025

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

தங்கள் பதில் பன்னிரண்டு நாளில் வந்தது. ரயிலில் இது முக்கால் மணிநேர தூரம் என்பதால், கடிதம் நன்றாகச் சிந்தித்து எழுதப்பட்டது என்று புரிந்துகொண்டேன். முதுகுவலி பற்றி ஒன்றும் எழுதவில்லையே. குணமாகியிருந்தால் நல்லது.

மறுமதிப்பீடு நான் கேட்கவில்லை. என் தோலை மறுபடி யாரும் பார்க்க வேண்டாம். பாஷா அய்யா எனக்கு 10³ போட்ட ஒன்பதாவது தோலில் நான் உண்ணித் தழும்பை முள் கீறல் என்று சொன்னேன். அவர் போட்டது நியாயம். நான் கேட்பது மறுகூட்டல். ஏற்கெனவே போட்ட மதிப்பெண்ணைச் சரியாகக் கூட்டுவது மட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று தாங்கள்தான் முதல் வாரமே வகுப்பில் சொன்னீர்கள். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

அலுவலக நடைமுறைப்படி 13² என்பது 13.2 என்கிறீர்கள். ஒரு சோதனை சொல்கிறேன். என் தாள், எனக்குப் பக்கத்தில் தைக்கும் அலீனாவின் தாள், பதனிடும் ஆலையில் வேலை செய்யும் வேலு அண்ணனின் தாள் மூன்றையும் வைத்துப் பார்த்தோம். முப்பது மதிப்பெண்கள். தோளில் ஒன்று இருக்கிறது, இரண்டு இருக்கிறது, மூன்று இருக்கிறது. நாலு இல்லை. ஐந்து முதல் ஒன்பது வரை ஒன்றுகூட இல்லை. பத்தில் பங்கு போடுகிற மனிதர் முப்பது தடவையில் ஒரு தடவைகூட அரை மதிப்பெண்ணுக்கு ஐந்து எழுத மாட்டாரா?

வேலு அண்ணனுக்கு எப்படியும் 64 வந்துவிட்டது. "எனுக்கு இன்னாத்துக்கும்மா இந்த பேஜாரு" என்று சொல்லிக்கொண்டே தாளைக் கொடுத்தார். அவர் பெயரை எழுத வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன்.

தங்களிடம் முப்பத்தொரு பேரின் தாள்களும் இருக்கின்றன. முந்நூற்றுப் பத்து மதிப்பெண்கள். ஒரே ஒரு நாலு காட்டுங்கள், நான் 59.50-ஐ சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்கிறேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜாஸ்மின்


காட்பாடி
2.4.2025

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆண்டு முடிவு வேலைகள்.

நல்ல செய்தி. சம்பத் அவர்கள் தங்கள் விஷயத்தில் மிகுந்த அக்கறை எடுத்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். எல்லைக்கோட்டில் நிற்கும் மாணவர்களுக்கு இரண்டரை வரை கருணை மதிப்பெண் தரலாம் என்று விதி 14 சொல்கிறது. 297.5-உடன் 2.5 சேர்த்தால் சரியாக 300. அறுபது சதவீதம். பட்டியலில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். சிறியதுதான்.

இத்துடன் உள்ள படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் இருபதாம் தேதிக்குள் புதிய பட்டியல் வந்துவிடும். விண்ணப்பத் தேதிக்குப் போதுமான அவகாசம். "என் மதிப்பெண்களின் கூட்டல் சரியானது என ஒப்புக்கொள்கிறேன், குறைவு என்னுடையதே" என்ற வரி வழக்கமான வாசகம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜாஸ்மின், நான் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். ஒரு தாளைத் திறந்தால் முப்பத்தொன்றையும் திறக்க வேண்டும். முப்பத்தொன்றைத் திறந்தால் அதற்கு முந்தைய மூன்று வருடங்கள் இருக்கின்றன. வேலை கிடைக்கிறது அல்லவா? அதுதானே வேண்டும்?

வீட்டில் அனைவருக்கும் ஸ்தோத்திரம் சொல்லவும்.

அன்புடன்,
இன்பராஜ்


ஆம்பூர்
5.4.2025

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

படிவம் கிடைத்தது. நல்ல தாள். கையெழுத்துப் போடாமல் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எனக்குச் சேர வேண்டியது மூன்றே முக்கால் மதிப்பெண். அதில் இரண்டரையைக் கருணை என்று பெயர் வைத்து மையம் எனக்குத் தருகிறது. மீதி ஒன்றேகாலை மையமே வைத்துக்கொள்கிறது. பதிலுக்கு, தவறு என்னுடையது என்று நான் எழுதித் தர வேண்டும். கருணைக்கு இவ்வளவு நிபந்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சபையில் பாஸ்டர் வேறு மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் படிவத்தை அலீனாவிடம் காட்டினேன். "கையெழுத்து போட்டு அனுப்பு ஜாஸ்மின், இன்னா இப்போ. ஸ்டார் இருந்தா இருக்கட்டும், யாரு பூதக்கண்ணாடி வச்சிப் பாக்கப் போறாங்க?" என்றாள்.

"உனக்கும் கூட்டல் தப்புதானே?" என்றேன்.

"எனுக்குக் கம்மி. கருணை எட்டாது. எனக்கோசரம் நீ ஏன் நிக்கறே?" என்று டிபன் பாக்ஸை மூடிவிட்டாள். பாதிச் சோறு உள்ளேயே இருந்தது.

அவள் சொன்னது சரி. எழுத்துத் தேர்வையும் சேர்த்து அவளுக்கு முழு எண் 294, தோளில் இருபத்தேழு. தங்கள் கணக்கில் 296.7, அதாவது 59.34. இரண்டரை சேர்த்தாலும் முந்நூறு வராது. சரியாகக் கூட்டினால் இருபத்தேழு கால் என்பது ஆறே முக்கால். 300.75. அவளுக்கு 60.15 சதவீதம். அவளுக்கு வேண்டியது கருணை அல்ல, கூட்டல். எனக்கும் அதுவேதான்.

அடுத்த ஞாயிறு பேரணாம்பட்டுக்குப் போகலாம் என்று இருந்தேன். நாளை ஞாயிறாக இருப்பதால் நாளையே போகிறேன்.

தங்கள் முதுகைக் கவனித்துக்கொள்ளவும். நான்கு வருடப் பதிவேடுகள் கனமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஜாஸ்மின்


பேரணாம்பட்டு
9.4.2025

இன்பராஜ் தம்பிக்கு அஹமது பாஷாவின் சலாம்.

இங்கே அல்லா புண்ணியத்தில் சுகம். கண் மட்டும் கொஞ்சம் மங்கல். அங்கே பிள்ளைகள் சுகம்தானே?

ஞாயித்துக்கிழமை ஒரு பொண்ணு பஸ் ஏறி வந்துச்சு. ஜாஸ்மின்னு பேரு. நான் மார்க் போட்ட தாளைக் காட்டி, "இது பதிமூணரையா, பதிமூணு புள்ளி ரெண்டா?"ன்னு கேட்டுது. எனக்கு முதல்ல கேள்வியே விளங்கல தம்பி. புள்ளின்னா இன்னா புள்ளி? நான் புள்ளியே வைக்கலியே.

நாப்பத்தோரு வருஷம் தோல் அளந்தேன். தோள்ல நாலுன்னு ஒரு நாள்கூட எழுதினதில்ல. நாலு கால் வந்தா ஒரு அடி ஆச்சு, முன்னால ஏத்திடணும். பச்சப்புள்ளைக்குத் தெரியும். நீயும் என்கிட்ட மூணு மாசம் மண்டியில நின்னவன்தானே.

அந்தப் பொண்ணு என்னைக் கையெழுத்து கேட்கல. "உண்மை எதுவோ அதை சார்க்கு நீங்களே எழுதுங்க"ன்னு சொல்லிட்டு, ஒரு டீகூடக் குடிக்காம பஸ்ஸைப் பிடிச்சிடுச்சு. அதான் எழுதறேன். நான் போட்டதெல்லாம் கால், அரை, முக்கால். நாலு வருஷமும் அப்படித்தான் போட்டேன். புள்ளி வச்சது யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்.

இப்படிக்கு,
அஹமது பாஷா


காட்பாடி
17.4.2025
பெரிய வியாழன்

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

முந்நூற்றுப் பத்தையும் பார்த்தேன். நாலு இல்லை.

பாஷா அய்யாவின் கடிதமும் கிடைத்தது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தங்கள் கம்பெனியில் ஒரு இடம்தான் காலி என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அலீனாவும் அதே லைன்தானா?

இன்பராஜ்


ஆம்பூர்
19.4.2025

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகளை ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். தபால் எப்படியும் அடுத்த வாரம்தான் வரும்.

தாங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம். எனக்கு வலப்பக்கத்து மெஷின்.

இன்று காலை பர்சனல் ஆபீசர் ஷாஹித் சாரிடம் போய், "தகுதி ரெண்டு பேருக்கு வந்தா எப்படி எடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"இண்டர்வியூலாம் இல்லம்மா. சர்வீஸ் யாருக்கு ஜாஸ்தியோ அவங்களுக்கு" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன், இன்னொருத்தர் யாராவது இருக்காங்களா? எங்கிட்ட உன் பேரு மட்டும்தான் வந்துது" என்றார்.

"வருவாங்க சார்" என்றேன்.

அதைக் கேட்டுக்கொண்டு வந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அதனால் இதில் எழுதியிருப்பது தெரியாமல் எழுதியது என்று தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் பட்டியலை மட்டும் தனியாகத் திருத்தி அனுப்பினால், அந்தப் படிவத்தைப் போலவே அதுவும் திரும்பி வரும். முப்பத்தொரு பேருக்கும் ஒரே நாளில், ஒரே தபாலில் வர வேண்டும். பட்டியலில் நட்சத்திரம் இருக்கக் கூடாது. 'கருணை', 'சிறப்பு அனுமதி', 'மனிதாபிமான அடிப்படை' முதலிய சொற்களும் இருக்கக் கூடாது. 'கூட்டல் பிழை திருத்தப்பட்டது' என்று ஒரு வரி போதும். அது உண்மையாக இருப்பதால் சுருக்கமாகவும் இருக்கும்.

இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. பதிவேடுகளைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கவும். எங்கள் கம்பெனியில் சுவரில் படம் போட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஜாஸ்மின்


காட்பாடி
25.4.2025

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

திருத்திய பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். 301.25. 60.25 சதவீதம். தாங்கள் கேட்ட ஒரு வரி இருக்கிறது. நட்சத்திரம் இல்லை. முப்பத்தொரு உறைகளையும் நானே காட்பாடி ஸ்டேஷன் பக்கத்துத் தபால் நிலையத்தில் விரைவுத் தபாலில் சேர்த்தேன். கவுண்டரில் இருந்த அம்மா, "இன்னா சார், கல்யாணப் பத்திரிகையா?" என்றார்.

எல்லோருக்கும் ஏறியிருக்கிறது. ஒருவருக்கும் இறங்கவில்லை. நான்கு பேர் அறுபதைத் தாண்டினார்கள். அவர்களில் இருவர் இதைப் பற்றிக் கேட்கவே இல்லை. முந்தைய மூன்று வருடங்களில் எண்பத்தெட்டுப் பேர். அதை அடுத்த வாரம் தொடங்குகிறேன்.

தங்களுடையதை மட்டும் முதலில் அனுப்பிவிட்டு மற்றவற்றை மே மாதக் கடைசியில் அனுப்பலாம் என்று சம்பத் சொன்னார். "அந்தப் பொண்ணுக்கும் நல்லதுதானே சார், தேதி தாண்டிடும், போட்டி இருக்காது" என்றார். யோசனை மோசமில்லை. தங்களைக் கேட்டு எழுதலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பத்தொன்பதாம் தேதிக் கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி, மதிப்பெண்களைக் கூட்டியது அலுவலகம் என்று எழுதியிருந்தேன். கூட்டிய அன்று அலுவலகத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். மாலை ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் கணினியில் ஏற்றினேன். அதில் தோளில் எழுத இடம் இல்லை, புள்ளி வைக்கத்தான் இடம் இருந்தது. வைத்தேன். முதல் வருடம் ஒரு முறை வைத்த பிறகு, அடுத்த வருடங்களில் அதுவே நடைமுறை ஆகிவிட்டது. தங்கள் முதல் கடிதத்தைப் பிரித்த அன்றே எனக்குத் தெரியும்.

எனக்கு விளக்கம் கேட்டு ஓர் ஓலை வந்திருக்கிறது. சம்பத்திடம் நேரில் சொல்கிறேன் என்றேன். "தபால்ல எழுதுங்க சார், ரூல் ஒன்பது" என்கிறார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மேஜைதான் இருக்கிறது.

முதுகுவலி பற்றிப் பல முறை விசாரித்திருந்தீர்கள். இப்போது அதிகம்.

அன்புடன்,
இன்பராஜ்


ஆம்பூர்
24.5.2025

அன்புள்ள சார் அவர்களுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். ஒரு மாதமாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். நான் சிந்தித்துக்கொண்டெல்லாம் இருக்கவில்லை. ஓவர்டைம்.

பட்டியல் 28-ஆம் தேதியே கிடைத்தது. அலீனாவுக்கும் அதே நாள். அவள் அதை வாசலிலேயே பிரித்துவிட்டு, என் வீட்டுக்கு வந்து, "நான் போடல ஜாஸ்மின். நீதான் சண்ட போட்டே, நீயே எடுத்துக்க" என்றாள்.

"போடலன்னா உன் பேர்ல நானே போட்டுடுவேன்" என்றேன். "கையெழுத்து?" என்றாள். "நட்சத்திரம் வரைஞ்சிடறேன்" என்றேன். சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு கையெழுத்துப் போட்டாள். இருவரும் ஒரே ஆட்டோவில் போய் ஷாஹித் சார் மேஜையில் வைத்தோம். "வருவாங்கன்னு சொன்னது இவங்களைத்தானா?" என்று என்னைப் பார்த்தார். "ஆமா சார், வந்துட்டாங்க" என்றேன்.

வேலை அலீனாவுக்குக் கிடைத்தது. ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து அவள் பரிசோதகர். என் மெஷினுக்கு வரும் தோல் இனி அவள் 'ஓகே' சொல்லித்தான் வரும். நேற்றே சொல்லிவிட்டேன், உண்ணித் தழும்பு ஒன்றைக் கண்டாலும் திருப்பி அனுப்புவேன், எழுத்துமூலம்.

இந்தக் கடிதத்தைத் தாங்கள் எப்படிப் படிப்பீர்கள் என்று தெரியும். மார்ச் மாதமே படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தப் பொண்ணு இன்றைக்குப் பரிசோதகர் மேஜையில் நின்றுகொண்டு வேலை பார்த்திருக்குமே என்று. படிவம் வந்தது ஏப்ரலில். மற்றபடி தாங்கள் நினைப்பது சரி. அதற்காக என்னைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம். எனக்கு வருத்தம் இருக்கிறது, அது என்னிடமே போதுமான அளவு இருக்கிறது. ராணிப்பேட்டை யூனிட்டில் டிசம்பரில் ஒரு இடம் வருகிறதாம். 60.25-ஐ லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறேன்.

தங்கள் விளக்கக் கடிதத்தில், கூட்டல் பிழையை மாணவி சுட்டிக்காட்டினார் என்று எழுதுங்கள். சுட்டிக்காட்டியதும் திருத்தினேன் என்று எழுத வேண்டாம். ஐம்பத்து மூன்று நாள் ஆனது, பாஷா அய்யாவுக்கும் தெரியும்.

சர்வீஸ் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். எனக்கு எட்டு வருடம் பதினோரு மாதம். அலீனா நடுவில் குழந்தை பிறந்து நின்றவள். முதலில் ஆறு வருடம் ஏழு மாதம், திரும்பி வந்த பிறகு இரண்டு வருடம் ஒன்பது மாதம். சாப்பாட்டு நேரத்தில் போர்டுக்கு முன்னால் நின்று, பேனாவால் உள்ளங்கையில் கூட்டிப் பார்த்தேன். மாதங்களைப் பன்னிரண்டுக்கு ஒன்றாகத்தான் ஏற்றியிருக்கிறார்கள். ஒன்பது வருடம் நான்கு மாதம்.

கூட்டல் சரி.

இப்படிக்கு,
ஜாஸ்மின்